பாட்டிக்குத் தடித்த கோடு, பேரனுக்கு மயிரிழைக் கோடு

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அடுத்த வருடத்துக்குக் குடும்பக் காலண்டர் ஒன்று போடுகிறார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு காட்சி. எதுவுமே நிஜத்தில் நடக்காத காட்சி. ஏப்ரலில், 1980-க்கு முன்பே காலமான பாட்டியும் இப்போது பத்து வயதாகும் பேரனும் மாட்டுங்கா பூக்கடை வரிசையில் சேர்ந்து நிற்கிறார்கள். ஜூலையில் மொத்தக் குடும்பமும் மழையில் தாதர் பாலத்தின் மேல். பழைய ஸ்டுடியோப் படம், கல்யாண ஆல்பம், செல்போன் படம் என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் ஆட்களை வெட்டியெடுத்து, ஒவ்வொரு படத்தையும் கோட்டோவியமாக மாற்றும் ஃபில்டரில் போட்டு, பிறகு ஒட்டியிருக்கிறார். “எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர், ஒரே அளவுகள்தான் கொடுத்தேன். ஆனால் பாட்டியைப் பெயின்டர் போர்டில் வரைந்தது போலவும், பேரனை ரூபாய் நோட்டில் அச்சடித்தது போலவும் இருக்கிறது. ஏன்?” என்பது அவர் கேள்வி.

ஒரே அளவுகள் கொடுத்ததுதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன், அந்த ஃபில்டர் எப்படிக் கோடு வரைகிறது என்று பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வித்தை அது.

கணினிக்கு மூக்கு தெரியாது, புடவைக் கரை தெரியாது. அதனிடம் இருப்பது எண்கள் மட்டும்: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255, மற்றவை நடுவில். வெளிச்சமான கன்னம் முடிந்து கருங்கூந்தல் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரிசைப் பிக்சலை எடுத்துக்கொள்வோம்.

```
படம்          200 200 200 200  50  50  50  50
மூன்றின் சராசரி  200 200 200 150 100  50  50  50
ஐந்தின் சராசரி   200 200 170 140 110  80  50  50
வித்தியாசம்      0   0  30  10 -10 -30   0   0
```

இரண்டாவது வரியில் ஒவ்வொரு பிக்சலும் தன் இரு பக்கத்து வீட்டாரோடும் சேர்ந்து சராசரியாகிவிட்டது. அதாவது படம் கொஞ்சம் மங்கிவிட்டது. மூன்றாவது வரியில் இரு பக்கமும் இரண்டிரண்டு வீடு. இன்னும் அதிக மங்கல். கொஞ்சம் மங்கியதிலிருந்து அதிகம் மங்கியதைக் கழித்தால் நான்காவது வரி. கன்னத்தின் நடுவிலும் கூந்தலின் நடுவிலும் பூஜ்யம். எல்லையில் மட்டும் எண்கள் எழுந்து நிற்கின்றன. வெளிச்சப் பக்கம் கூட்டல், இருட்டுப் பக்கம் கழித்தல். “மைனஸ் 8-க்குக் கீழே போன பிக்சலுக்கெல்லாம் மை பூசு” என்று ஒரு விதி வைத்தால் −10, −30 என்ற இரண்டு பிக்சலும் கறுப்பாகும். கூந்தல் ஓரத்தில் இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு கோடு கிடைத்துவிட்டது. படத்தை இரண்டு முறை கெடுத்து, அந்த இரண்டு கெடுதல்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஓவியம் எடுக்கிறோம்! இதை முதன்முதலில் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிஜ ஃபில்டர்களில் இப்படி நேர் சராசரி எடுப்பதில்லை. அருகில் உள்ளதற்கு அதிக மதிப்பும் தள்ளி உள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தரும் காஸ் வளைகோட்டின்படி மங்கலாக்குவார்கள். கிம்ப் மென்பொருளில் Filters → Edge-Detect → Difference of Gaussians என்று இருப்பது இதுதான். இரண்டு மங்கல்களின் ஆரங்களும் 1-க்கு 1.6 என்ற விகிதத்தில் இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்று டேவிட் மாரும் எலன் ஹில்டிரெத்தும் 1980-இல் எழுதினார்கள். அவர்கள் அன்று யோசித்துக்கொண்டிருந்தது ஃபில்டரைப் பற்றி அல்ல, கண்ணைப் பற்றி. ஏனென்றால் இதே கழித்தலை நம் விழித்திரையும் செய்கிறது. 1953-இல் ஸ்டீபன் குஃப்லர் பூனையின் விழித்திரை நரம்பணுக்களை அளந்தபோது, பல அணுக்கள் தமக்கு நேர் நடுவில் ஒளி பட்டால் துடிப்பதையும், சுற்றிலும் பட்டால் அடங்குவதையும் கண்டார். நடுவிலிருந்து சுற்றுப்புறத்தைக் கழிப்பது என்றால் சிறு மங்கலிலிருந்து பெரு மங்கலைக் கழிப்பதுதானே. பூனைக் கண்ணில் ஊசி வைத்துப் பார்க்கிறேன் என்று இன்று ஒருவர் நிதி கேட்டால், “இதனால் தொழில்துறைக்கு என்ன பயன்?” என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தவர்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

சரி, செம்பூருக்கு வருவோம். மேலே வந்த கோட்டின் அகலம் இரண்டு பிக்சல். அதைத் தீர்மானித்தது மூன்று, ஐந்து என்று நாம் எடுத்த சராசரிகள். முகத்தின் அளவு அல்ல. ஃபில்டருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பிக்சல். பாட்டியின் படம் குழுவாக எடுத்தது. அசல் தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. இவர் கையில் இருப்பது ஸ்கேன் மட்டும். அதில் பாட்டியின் தலை 150 பிக்சல் உயரம். பேரன் செல்போனுக்கு முகத்தை நீட்டி எடுத்த படத்தில் தலை 1200 பிக்சல். காலண்டர் பக்கத்தில் இருவர் தலையும் 450 பிக்சல் வர வேண்டும்.

ஃபில்டர் இருவருக்கும் 4 பிக்சல் கோடு போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாட்டியை மூன்று மடங்கு பெருக்கினார். கோடு 12 பிக்சல் ஆனது. பேரனை எட்டில் மூன்று பங்காகச் சுருக்கினார். கோடு ஒன்றரைப் பிக்சல் ஆனது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் பாட்டிக்கு ஒரு மில்லிமீட்டர் கோடு, பேரனுக்கு அதில் எட்டில் ஒரு பங்கு. பார்ப்பவர் கண் இதை “இரண்டு பேர் வரைந்தது” என்று உடனே சொல்லிவிடும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் எல்லோரையும் இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, காட்சியை முழுதாக ஒட்டி முடித்து, அதன் பிறகே மொத்தப் பக்கத்துக்கும் ஒரே தடவை ஃபில்டர். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒட்டிய விளிம்பின் மேலேயே கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒட்டுத் தெரியாது. ஆனால் வெட்டும்போது பழைய பின்னணியின் வெளிறிய ஓரம் ஒன்றிரண்டு பிக்சல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அதற்கும் தனிக் கோடு விழுந்து, ஆளைச் சுற்றி இரட்டைக் கோடு வரும். வெட்டிய எல்லையை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளினால் தீரும்.

வாசகி இப்படிச் செய்து மறுபடி அனுப்பினார். கோடு சமமாகிவிட்டது, ஆனால் பாட்டியின் தாடையையே காணோம்! பழைய படம் வெளிறிப் போனது. மேலே உள்ள கணக்கில் 200-க்கும் 50-க்கும் இடையே இருந்த 150 வித்தியாசம், வெளிறியதில் பாதியாகிறது என்று வைத்தால், கடைசி வரியும் பாதியாகும்: −5, −15. மைனஸ் 8 விதிப்படி ஒரு பிக்சலுக்குத்தான் மை. கோடு பாதியாக மெலிந்துவிட்டது. கால் பங்காக வெளிறியிருந்தால் −2.5, −7.5. கோடே இல்லை. படம் முழுவதும் ஒரே சீராக 10 கூடினாலோ குறைந்தாலோ கவலை இல்லை, கழித்தலில் அது போய்விடும். வித்தியாசம் சுருங்கினால்தான் ஆபத்து. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வோர் ஆளுக்கும் லெவல்ஸ் சரிசெய்து, கூந்தலின் கறுப்பும் கண்வெள்ளையும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விபத்து நான் எதிர்பார்த்ததுதான். அந்தக் கால ஸ்டுடியோக்கள் தேன்கூடு போலப் புடைப்பு உள்ள மேட் காகிதத்தில் அச்சடித்துத் தருவார்கள். ஸ்கேனர் விளக்கு பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு நிழல். ஃபில்டருக்கு அதுவும் ஓர் எல்லை. பாட்டி முகத்தில் கொசுவலை! அசல் கையில் இருந்தால் ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, தலைகீழானதைத் திரையில் நிமிர்த்தி, இரண்டையும் சராசரியாக்கினால் நிழல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். இல்லையென்றால், சிறிய மங்கலின் ஆரத்தையே அந்தப் புடைப்பை விழுங்கும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். நாங்கள் 4, 6.4 என்று வைத்தோம். கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பேரனின் படத்தில் கண்ணிமை முடிகூட எண்ணலாம்; ஆனால் 4 ஆரத்தில் அது எல்லாம் கரைந்துவிடும். கரையட்டும். பன்னிரண்டு மாதத்துக்கும் பாணியைத் தீர்மானிப்பது ஆல்பத்திலேயே மோசமான படம்தான். அதால் தாங்க முடிந்த கோட்டைத்தான் மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வண்ணம் எளிது. மென்பொருளை ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக வண்ணம் தேர்ந்தெடுக்க விட்டால், ஜனவரியில் ஒரு சிவப்பு, மார்ச்சில் வேறு சிவப்பு. இருபத்துநான்கு வண்ணங்களை ஒரே தடவை தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு பக்கத்தையும் அதற்குள் அடக்கிவிட வேண்டும். 1894-இல் இதே மும்பையில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சிட்டார்கள். இஷ்டத்துக்கு வண்ணம் சேர்த்தால் கல்லும் கூலியும் கூடும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேதிக் கட்டங்களில் ராகுகாலமும் போடச் சொல்கிறார் வாசகியின் மாமியார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவர்களுக்காவது ஒன்று சொல்ல வேண்டும்: அது சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பிரிக்கும் கணக்கு. சென்னைக்கு ஏழு டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கும் மும்பையில் உதயம் சுமார் அரை மணி நேரம் தள்ளித்தான் வரும். ஊரிலிருந்து வந்த நாட்காட்டியைப் பார்த்து இத்தனை வருடம் மும்பையில் தவிர்த்தது எந்த நேரத்தை என்று மாமியாரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

முழுக் காலண்டரையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஒவ்வொரு மாதத்திலிருந்தும் ஒரு முகம் வரும் துண்டை நிஜ அளவிலேயே வெட்டி, பன்னிரண்டையும் இரண்டு ஏ4 தாளில் அடுக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாக் கோடும் தடியாகத்தான் தெரியும், ஏமாந்துவிடுவோம். வாசகிக்கு ஆகஸ்ட் மட்டும் தனியாக நின்றது. ஆராய்ந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் பாதி அளவில் செய்து கடைசியில் பெருக்கியிருக்கிறார். மறுபடியும் அதே வரிசைத் தவறு.

எல்லாம் முடிந்தபின் ஒரு குறை சொன்னார். பாட்டியின் மூக்குத்தியைக் காணோம். ஸ்கேனில் அது மூன்று பிக்சல்கூட இல்லை. மூன்று மடங்கு பெருக்கியும் ஒரு மங்கல் புள்ளி, அதை 4 ஆர மங்கல் கரைத்துவிட்டது. எந்த ஃபில்டரும் அதைத் திருப்பித் தராது. கோட்டின் அகலத்துக்கே, ஏழு பிக்சல் தூரிகை ஒன்று எடுத்து, பாட்டி வரும் ஐந்து மாதங்களிலும் கையாலேயே வைத்துவிடுங்கள் என்றேன். இடது மூக்கா வலது மூக்கா என்று கேட்டுத் தூத்துக்குடிக்குப் போன் போட்டிருக்கிறார்.