சல்லடையின் உள்சுழற்சி ஏன் வர்க்கத்திலிருந்து தொடங்கலாம்?

n என்ற எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று அறிய, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே வகுத்துப் பார்ப்பதைவிட, பகு எண்களை அடித்துக்கொண்டே போய் எஞ்சியவற்றை எண்ணுவது மிகவும் விரைவானது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரடோஸ்தனிஸின் பெயரால் வழங்கும் சல்லடை இதுவே. 2-இன் மடங்குகளை முதலில் அடிக்கிறோம். அடுத்து அடிபடாமல் நிற்கும் 3-இன் மடங்குகளை அடிக்கிறோம். பிறகு 5, பிறகு 7 என்று தொடர்கிறோம். பைத்தானில் அது இவ்வாறு அமையும்:

```python
def count_primes(n):
    if n < 3:
        return 0
    is_prime = [True] * n
    is_prime[0] = is_prime[1] = False
    p = 2
    while p * p < n:
        if is_prime[p]:
            for j in range(p * p, n, p):
                is_prime[j] = False
        p += 1
    return sum(is_prime)
```

p-இன் மடங்குகளை அடிப்பதென்றால் 2p-இலிருந்துதானே தொடங்க வேண்டும்? ஆனால் இந்த நிரல் இடையில் உள்ள மடங்குகளை எல்லாம் விட்டுவிட்டு, நேரே p × p-க்குத் தாவுகிறது. n = 50 என்று வைத்துக்கொண்டு, 7-இன் முறை வரும்போது என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். 14, 28, 42 ஆகியவை இரட்டை எண்கள் என்பதால் 2-இன் முறையிலேயே அடிபட்டுவிட்டன. 21-ஐ 3-உம், 35-ஐ 5-உம் முன்பே அடித்துவிட்டன. 7-க்கென்று புதிதாக எஞ்சியிருப்பது 49 ஒன்றுதான். அது 7-இன் வர்க்கம்.

இது தற்செயலன்று. p-இன் வர்க்கத்தைவிடச் சிறிய மடங்கு எதுவானாலும் அதை k × p என்று எழுதலாம். இங்கே k என்பது 2 அல்லது அதற்கு மேற்பட்டது, ஆனால் p-ஐவிடச் சிறியது. அந்த k-க்கு ஏதேனும் ஒரு பகாக் காரணி q இருந்தே தீரும். q ஆனது k-ஐவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பதால் அது p-ஐவிடவும் சிறியது. ஆகவே q-இன் முறை p-க்கு முன்பே முடிந்துவிட்டது.

பல விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதுமானதாகத் தோன்றுவதில்லை. q-உம் தன் வர்க்கத்திலிருந்துதானே அடிக்கத் தொடங்கியது? k × p அதற்கும் கீழே இருந்து, q-இன் முறையிலும் தப்பியிருந்தால் என்ன செய்வது? அப்படி நேராது என்பதையும் காட்டியாக வேண்டும். k ஆனது q-க்குக் குறையாது, p ஆனது q-ஐவிடப் பெரிது; ஆதலால் k × p எப்போதும் q × q-ஐவிடப் பெரிதாகவே இருக்கும், q அதைத் தவறாமல் தொட்டிருக்கும். இதைச் சேர்த்த பிறகே நிறுவல் முழுமை பெறுகிறது.

வெளிச்சுழற்சி p × p < n என்னும் வரையில் மட்டுமே ஓடுவதும் இதே காரணத்தால்தான். 11-இன் வர்க்கம் 121. அது 50-ஐத் தாண்டிவிடுவதால் 11-க்கு அடிக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 2p-இலிருந்து தொடங்கி 50 வரை ஓடினால் 60 முறை அடிக்க வேண்டியிருக்கும். வர்க்கத்திலிருந்து தொடங்கினால் 43 முறை போதும். ஆயினும் அடிபட வேண்டிய பகு எண்கள் 33 மட்டுமே. எஞ்சிய 10 அடிகள் ஏற்கெனவே அடிபட்ட எண்களின்மேல் மீண்டும் விழுபவை: 12-ஐ 2-உம் 3-உம், 45-ஐ 3-உம் 5-உம் அடிக்கின்றன. வர்க்கத்திலிருந்து தொடங்குவது பெரிய காரணியால் வரும் வீண் அடிகளை நீக்குகிறதே தவிர, எல்லா மறு அடிகளையும் நீக்குவதில்லை. 3 முதலான ஒற்றைப் பகா எண்களுக்கு p-க்குப் பதிலாக 2p அளவில் தாவினால், இரட்டை எண்களின்மேல் விழும் மறு அடிகள் நீங்கி, இந்த எடுத்துக்காட்டில் 45 மட்டுமே இருமுறை அடிபடும்.

பிழை பெரும்பாலும் எல்லையில்தான் நுழைகிறது. வெளிச்சுழற்சியை 50-இன் வர்க்கமூலத்தின் முழுப்பகுதியான 7-க்கு முன்பே நிறுத்திவிட்டால், 49 அடிபடாமல் தப்பி, விடை 15-க்குப் பதிலாக 16 என்று வரும். ஆகவே 10, 50 போன்ற எண்களோடு, 25, 26, 49, 50 என வர்க்கத்தையும் அதற்கு அடுத்த எண்ணையும் கொடுத்துச் சோதிப்பது நல்லது. 49-க்கும் 50-க்கும் விடை 15 என்றே வர வேண்டும், ஏனெனில் 49 பகா எண் அன்று.

மற்றொரு பிழை, 32 பிட் முழு எண்களைப் பயன்படுத்தும் மொழிகளில் நேர்வது. அவற்றில் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647. 46341-இன் வர்க்கமோ 2147488281. வெளிச்சுழற்சியை வர்க்கமூலத்தில் நிறுத்தாமல் n வரை ஓடவிட்டால், n ஒரு லட்சமாக இருக்கும்போதே p × p இந்த எல்லையைத் தாண்டிவிடும்; ஜாவாவில் அது எதிர்மறை எண்ணாக மாறி, அணிக்கு வெளியே உள்ள இடத்தைத் தொட முயன்று நிரல் நின்றுபோகும். n சிறிதாக இருந்தவரை சரியாக ஓடிய நிரல் திடீரென்று இப்படி நின்றால், முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சுழற்சியின் நிபந்தனையைத்தான்.