34-ஆம் நோட்டில் தம்பியின் கணக்கு

போன செப்டம்பரில் ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பிரைவேட் லிமிடெட் நூற்பாலையின் ஆண்டறிக்கை. அப்பா ஆரம்பித்த மில். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் மேனேஜிங் டைரக்டர், தம்பி இன்னொரு டைரக்டர், இவருக்கு 12 சதவீதப் பங்கு. "மில்லு நல்லாத்தானுங்க ஓடுது. 42 கோடிக்கு யாவாரம்ங்கறாங்க. டிவிடெண்ட் மட்டும் இல்லீங்கறாங்க. எங்க போகுதுன்னு எனக்குப் புரியோணும்" என்றார். (அடையாளம் தெரியாதபடி எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.)

லாப நட்டக் கணக்கைப் பார்த்தேன். விற்பனை 42 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 31 லட்சம். நூற்பாலைக்கு அது மோசமான வருஷம்தான். பஞ்சு விலை, கரண்ட் பில் என்று காரணம் சொல்ல எப்போதும் இடமுண்டு. அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களில் கணக்குக் குறிப்புகளுக்கு நடுவே இருந்த 34-ஆம் நோட்டுக்குப் போனேன். தலைப்பு: தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள். குடும்பக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர்கள் முதலில் புரட்ட வேண்டிய இடம் அது. புரட்டுகிறவர்கள் குறைவு.

அங்கே மூன்று பகுதிகள் இருக்கும். யார் யார் தொடர்புடையவர்கள், அவர்களோடு இந்த வருஷம் என்ன நடந்தது, மார்ச் 31 அன்று யாருக்கு யார் எவ்வளவு பாக்கி. ஏஎஸ் 18 என்ற கணக்கியல் தரநிலை இந்த மூன்றையும் கேட்கிறது. பெரும்பாலானோர் இரண்டாவது பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான். அண்ணிக்குக் குடோன் வாடகை 18 லட்சம் என்ற வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு, "பாருங்க, இதுதான்" என்றார்.

அந்த வாடகை நியாயமானதா என்று கேட்கலாம், தப்பில்லை. பக்கத்துக் குடோன்களில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தால் அரை நாளில் தெரிந்துவிடும். ஆனால் நான் பார்த்தது அதற்கு இரண்டு வரி கீழே. தம்பி பங்குதாரராக இருக்கும் நெசவு ஃபர்முக்கு நூல் விற்றது 6.30 கோடி. அடுத்த பகுதியில், அதே ஃபர்ம் தர வேண்டிய பாக்கி 4.10 கோடி.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சாதாரண எண்கள். சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டோம். 4.10-ஐ 6.30-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் சுமார் 238 நாள். அதாவது நூல் வாங்கி எட்டு மாசம் கழித்துத்தான் பணம் வருகிறது. (ஜிஎஸ்டியையும் விற்பனையோடு சேர்த்தால் சில நாள் குறையும்.) மற்றவர்களுக்கு எப்படி? மில்லுக்கு வர வேண்டிய மொத்த பாக்கி 8.40 கோடி. தம்பி ஃபர்மைக் கழித்தால் 4.30 கோடி. மற்றவர்களுக்கு விற்றது 35.70 கோடி. அதே கணக்கில் 44 நாள்.

ஊருக்கு 44 நாள், தம்பிக்கு 238 நாள். தம்பி ஃபர்மும் 44 நாளில் கொடுத்திருந்தால் பாக்கி 76 லட்சத்துக்குள் நின்றிருக்கும். மீதி 3.34 கோடி மில்லின் பணம், தம்பியின் தொழிலில் உட்கார்ந்திருக்கிறது. மில்லோ வங்கியில் வாங்கிய கேஷ் கிரெடிட் கடனுக்குப் பத்து சதவீதம் வட்டி கட்டுகிறது. அந்த 3.34 கோடிக்கு மட்டும் வருஷத்துக்கு 33 லட்சம். மொத்த லாபமே 31 லட்சம் என்று சொன்னேன் அல்லவா? அம்மா கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை தானே போட்டுப் பார்த்தார்.

இதில் யாரும் திருடவில்லை. எல்லாம் நோட்டில் அச்சாகியிருக்கிறது. ஆனால் இது பெயருக்கு விற்பனை, நடப்பில் வட்டியில்லாக் கடன். கடனாகக் கொடுத்திருந்தால் கம்பெனிச் சட்டத்தில் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் 185, 186-ஆம் பிரிவுகள் குறுக்கே வந்திருக்கும். விற்பனைப் பாக்கியாக நின்றால் அந்தக் கேள்வி எளிதில் எழுவதில்லை.

"அப்போ ஆடிட்டர் என்னங்க பண்ணாரு?" என்று கேட்டார். விவரம் வெளியிடப்பட்டிருக்கிறதா, ஒப்புதல் விதிகள் பின்பற்றப்பட்டிருக்கின்றனவா என்று ஆடிட்டர் பார்ப்பார். இந்த வியாபாரம் பங்குதாரருக்கு லாபமா என்று சொல்வது அவர் வேலை அல்ல. டைரக்டர்கள் அறிக்கையோடு ஏஓசி-2 என்று ஒரு படிவம் இருக்கும். வெளியாள் விலைக்கு நடக்காத ஒப்பந்தங்களை அதன் முதல் பகுதியில் காட்ட வேண்டும். இங்கே 'இல்லை' என்று போட்டிருந்தது. நூலின் விலை மற்றவர்களுக்குப் போட்ட விலைதான் என்றால் அதற்கு ஒரு நியாயம் சொல்லிவிடலாம். ஆனால் எட்டு மாசத் தவணையும் விலையில் சேர்த்திதானே? நான் அந்த இடத்தில் 'இல்லை' என்று போட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் அம்மா கேட்ட ஒரு கேள்வி எனக்கே பிடித்திருந்தது. "லாரி வாடகை பூராவும் அண்ணனோட மச்சானுக்குத்தானுங்க போகுது. அது இதுல காணோமே?" காணாது. சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளாது. கணவன் மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், இந்துக் கூட்டுக் குடும்பத்து உறுப்பினர்கள், அவ்வளவுதான். மனைவியின் அண்ணன் தம்பி அதில் இல்லை. சித்தப்பா, மாமாவும் இல்லை. அந்த லாரி ஃபர்மில் அண்ணியும் ஒரு பங்குதாரர் என்றால் உடனே உள்ளே வந்துவிடும். ஆகவே நோட்டில் ஒரு பெயர் இல்லை என்றால் அதற்கு அர்த்தம் சட்டம் கேட்கவில்லை என்பது மட்டுமே.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பாக்கி என்பது மார்ச் 31-ஆம் தேதியின் எண். மார்ச் கடைசி வாரம் பணத்தைக் கட்டி, ஏப்ரலில் திரும்ப எடுத்துக்கொண்டால் நோட்டு சுத்தமாக இருக்கும். இங்கே அது நடக்கவில்லை என்று நினைக்கிறேன். அதே நோட்டில் போன வருஷ எண்கள் இருக்கும் பத்தியிலேயே 3.60 கோடி நின்றது. மறைக்க நினைத்தவர் அதையும் குறைத்திருப்பார்.

சரி, என்ன செய்யலாம்? பங்குதாரர் லெட்ஜரைக் காட்டு என்று உரிமையோடு கேட்க முடியாது. போர்டு மினிட்ஸும் அவருக்குத் திறந்ததல்ல. 189-ஆம் பிரிவின்படி வைக்க வேண்டிய ஒப்பந்தப் பதிவேட்டைப் பதிவு அலுவலகத்தில் பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். ஓட்டுப் போட்டுத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்: 2015 ஜூனில் வந்த விலக்குக்குப் பிறகு, பிரைவேட் கம்பெனியில் சம்பந்தப்பட்ட பங்குதாரரே தன் ஒப்பந்தத்துக்குத் தானே ஓட்டுப் போடலாம். பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு இருப்பதால் 241-ஆம் பிரிவில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு இவரால் போக முடியும். போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். அங்கே போன அண்ணன் தங்கை மறுபடி ஒரே பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கடிதம் எழுதினோம். கோபமான சொல் ஒன்றும் இல்லை, மூன்றே கேள்வி. தம்பி ஃபர்முக்கான கடன் நாள் எத்தனை? அதே ரக நூல் மற்றவர்களுக்கு அதே மாதத்தில் என்ன விலை? கெடு தாண்டிய பாக்கிக்கு வட்டி போடப்பட்டதா?

பதில் கடிதமாக வரவில்லை. அண்ணனே வீட்டுக்கு வந்தார். இந்த வருஷ அறிக்கை போன வாரம் வந்தது. தம்பி ஃபர்ம் பாக்கி 2.60 கோடி. புதிதாக ஒரு வரி: வசூலித்த வட்டி, 14 லட்சம். அம்மா போனில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "மச்சான் லாரி இன்னும் காணோமுங்க" என்றார்.