துணி ஸ்டாண்டு சாயுதா? துணியைத் திட்டாம ஜாயிண்ட்டைப் பாருங்க

மழைக்காலம் வந்தா எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான், "அண்ணா, துணி காயப்போடுற ஸ்டாண்டு திடீர்னு மடங்கி விழுந்துருச்சு"ன்னு. வீட்டு ரிப்பேர் வேலைக்குப் போற எடத்துல எல்லாம் பார்க்குறேன், ஜனங்க துணி வெயிட்டுதான் காரணம்னு நெனைக்கிறாங்க, ஆனா பல வீட்ல அது ரெண்டாவது காரணம்தான், மொத காரணம் தேஞ்சு போன ஜாயிண்ட்டு.

போன சீசன்ல வேளச்சேரியில ஒரு அபார்ட்மெண்ட். ரெண்டு பக்கமும் இறக்கை விரியுற ஸ்டாண்டு, ஹால்ல ஃபேனுக்குக் கீழ போட்டிருந்தாங்க, அந்த வீட்டுப் பாட்டி கால்மேல விழுந்து நகம் பேந்துருச்சு. பாட்டி என்கிட்ட, "தம்பி, ஒரு பெட்ஷீட்டும் ஒரு ஜீன்ஸும்தாம்பா போட்டேன்"னு சொன்னாங்க. அவங்க சொன்னது உண்மைதான், ஆனா அது ரெண்டுமே ஒரே இறக்கையில இருந்துச்சு. கையால பிழிஞ்ச காட்டன் டபுள் பெட்ஷீட்டும் ஜீன்ஸும் சேர்ந்தா 3 கிலோ சுலபமா வரும். ஸ்டாண்டோட வெயிட்டும் 3 கிலோதான். காலுக்கும் காலுக்கும் 55 சென்டிமீட்டர், அதனால ஸ்டாண்டோட வெயிட்டு காலுக்கு 27 சென்டிமீட்டர் உள்ள நிக்குது, துணியோ காலுக்கு 30 சென்டிமீட்டர் வெளிய தொங்குது. பெருக்கிப் பாருங்க, புடிச்சு நிறுத்துறது 81, சாய்க்கிறது 90. விழாம என்ன பண்ணும்?

இதுக்கு நான் பண்றது ரீப்பர் கட்டை. ரெண்டு இன்ச்சு அகலம், ஒரு இன்ச்சு கனம், 85 சென்டிமீட்டர் நீளத்துல ரெண்டு கட்டை, ஸ்டாண்டோட ஒவ்வொரு முனையிலயும் ஒண்ணு, ரெண்டு கால் பைப்புக்கும் அடியில குறுக்கால வச்சா ரெண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் வெளிய நீளும். இப்போ அதே துணியோட சாய்க்கிற கணக்கு 45தான், நிறுத்துறது 126. ஒரு பைப்பை க்ளாம்ப் போட்டு ஸ்க்ரூ அடிச்சு இறுக்கிடணும், இன்னொரு பைப்பு அமுக்கினா உட்கார்ற மாதிரி திறந்த க்ளிப்பா இருக்கணும், இல்லேன்னா ஸ்டாண்டை மடிக்கவே முடியாது. நடக்குற வழியில கட்டை தடுக்கும், அந்த மாதிரி எடத்துல கட்டை வேணாம், அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு இந்தக் கால் பைப்புல, ஒண்ணு அந்தக் கால் பைப்புல கட்டி விடுங்க, மூடி டைட்டா இருக்கணும், இல்லேன்னா கொசு முட்டை போடும்.

ஆனா கட்டை போட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சுடாதீங்க, பாட்டி வீட்டு ஸ்டாண்டுல குறுக்குக் கால் சேர்ற எடத்துல ரிவிட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சு. வெறும் ஸ்டாண்டை விரிச்சு வச்சு மேல கையை வச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கால் நகராம மேல மட்டும் ரெண்டு விரல் அளவு போச்சுன்னா ஓட்டை முட்டை வடிவத்துல தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். சுத்தியலால ரிவிட்டைத் தட்டி இறுக்குறது கொஞ்ச நாள்தான் தாங்கும், பைப்பும் நசுங்கிடும். ரிவிட்டை ட்ரில் பண்ணி எடுத்துட்டு, M6 எஸ்எஸ் போல்ட்டு, ரெண்டு பைப்புக்கு நடுவுல ஒரு ப்ளாஸ்டிக் வாஷர், வெளிய ரெண்டு பக்கமும் எஸ்எஸ் வாஷர், கடைசியா உள்ள நைலான் வளையம் இருக்குற நைலாக் நட்டு. சாதா நட்டு போடாதீங்க, மடக்கி விரிக்க விரிக்க அது தானா கழண்டு வந்துரும்.

அடுத்தது இறக்கையைத் தாங்குற கம்பியைப் புடிக்கிற க்ளிப்பு. நல்ல க்ளிப்பு "டக்"குனு சத்தத்தோட உட்காரும். சத்தமே இல்லாம வழுக்கிப் போய் உட்கார்ந்தா, இல்ல வளையுற எடத்துல வெள்ளையா கோடு தெரிஞ்சா, அது உடையப் போகுது. பால்கனி வெயில்ல ப்ளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயிடும், அதனால சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுறதுல பிரயோஜனம் இல்ல, நெறைய க்ளிப்பு பிபி ப்ளாஸ்டிக்கு, அதுல பசை புடிக்கவே புடிக்காது. புதுசு வாங்க பைப்போட வெளி விட்டத்தை வெர்னியர்ல அளங்க, டேப் வச்சா ஒண்ணு ரெண்டு மில்லி தப்பு வரும், அந்த வித்தியாசத்துலயே க்ளிப்பு லூஸாயிடும். 22 மில்லி வந்துச்சுன்னா ப்ளம்பிங் கடையில முக்கால் இன்ச்சு சிபிவிசி பைப்பு க்ளிப்பு கேளுங்க, கச்சிதமா உட்காரும், கட்டைக்கும் அதையேதான் போடுறேன். க்ளிப்பு கிடைக்கிற வரைக்கும் கறுப்பு கேபிள் டை போட்டு சமாளிக்கலாம், வெள்ளை டை வெயில்ல சீக்கிரம் போயிடும்.

ஓட்டையைச் சுத்தி துரு உரிஞ்சு வருதா, பைப்பு நசுங்கி மடிஞ்சிருக்கா, அப்போ போல்ட்டுக்கு செலவு பண்ணாதீங்க, ஸ்டாண்டை எடைக்குப் போட்டுருங்க. தவழுற, புடிச்சு எழுந்து நிக்கிற கொழந்தை இருக்குற வீட்ல இன்னொண்ணு, கட்டை போட்ட ஸ்டாண்டா இருந்தாலும் கொழந்தை தொங்குனா தாங்காது, பெட்ஷீட்டு நுனி தரையைத் தொடாம மடிச்சுப் போடுங்க, துணி காஞ்சதும் ஸ்டாண்டை மடிச்சு கதவுக்குப் பின்னால வச்சுருங்க.