குறுகிய பள்ளத்தாக்கில் கிரேடியன்ட் டிசென்ட் ஏன் தவழ்கிறது?

பிழை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் அடி அடியாக நகர்வதுதான் கிரேடியன்ட் டிசென்ட். அப்படி ஒரு மாடலைப் பயிற்றுவிக்கும்போது முதல் சில படிகளில் பிழை மளமளவென்று இறங்கும். அப்புறம் நகர்வதே தெரியாது. அடியின் நீளத்தை நிர்ணயிக்கும் லேர்னிங் ரேட்டைக் கூட்டிப் பார்த்தால் எண்கள் எக்கச்சக்கமாக ஏறிவிடும். குறைத்தால் இருந்த கொஞ்ச நகர்வும் போய்விடும். நிரலில் தவறே இல்லாமலும் இப்படி நடக்கும். பிழைச் சார்பின் வடிவமே அப்படி இருக்கலாம்.

கையாலேயே கணக்குப் போடக்கூடிய ஒரு சார்பை எடுத்துக்கொள்வோம்:

f(x, y) = ½(100x² + y²)

இதன் அடிமட்டம் (0, 0). x திசையில் செங்குத்தான சுவர்கள், y திசையில் ஏறக்குறைய சமதரை. ஆக, இது நீண்டு குறுகிய ஒரு பள்ளத்தாக்கு. இரண்டாம் வகைக்கெழுக்களை அடுக்கினால் கிடைப்பது ஹெஸ்ஸியன் அணி. இங்கே அதன் ஐகன் மதிப்புகள் 100, 1. சார்பு எந்தத் திசையில் எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது கண்டிஷன் எண். இங்கே அது 100.

லேர்னிங் ரேட் η என்றால், ஒவ்வொரு படியிலும் x-ஐ (1 − 100η) பெருக்குகிறது, y-ஐ (1 − η) பெருக்குகிறது. சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பெருக்கிகளுக்குள் இருக்கிறது. η 0.02-ஐத் தாண்டினால் x-இன் பெருக்கி −1-க்குக் கீழே போய்விடும். உதாரணமாக 0.021 வைத்தால் பெருக்கி −1.1. சுவருக்குச் சுவர் மோதி, ஐம்பது படிகளில் x நூறு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். எனவே அடியின் நீளத்தை முடிவு செய்வது செங்குத்தான திசைதான். சமதரையில் தாராளமாக நடக்கலாம் என்றாலும், அந்தக் குட்டி அடியைத்தான் அங்கேயும் வைத்தாக வேண்டும்.

மாறாத η-களில் மிகச் சிறந்தது 2/(100 + 1), அதாவது சுமார் 0.0198. அப்போது x-இன் பெருக்கி −0.98, y-இன் பெருக்கி 0.98. x குறி மாறி மாறி ஆடிக்கொண்டே சுருங்குகிறது, y ஊர்ந்து வருகிறது. அடிமட்டத்துக்கு உள்ள தூரம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 346 படிகள் வேண்டும். கண்டிஷன் எண் 10,000 என்றால் சுமார் 34,500 படிகள். படிகளின் எண்ணிக்கை கண்டிஷன் எண்ணோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதுதான் வேதனை.

நிஜத் தரவில் இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது? வீட்டு விலையைக் கணிக்கும் நேர்கோட்டு மாடலில் பரப்பளவு ஆயிரக்கணக்கான சதுர அடிகளில் இருக்கும், அறைகள் இரண்டோ மூன்றோ. ஹெஸ்ஸியனில் இந்த வேறுபாடு வர்க்கமாக வந்து உட்காரும். எல்லா மாறிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து சீராக்கினால் இது சரியாகிவிடும். ஆனால் பரப்பளவும் அறைகளும் சேர்ந்தே கூடிக் குறைகின்றனவே, அதைச் சீராக்கல் தொடாது. சீராக்கிய இரு மாறிகளுக்கு இடையே ஒட்டுறவு r என்றால், ஐகன் மதிப்புகள் 1 + r, 1 − r. r = 0.98 என்று வைத்தால் 1.98, 0.02; விகிதம் 99. அழகாகச் சீராக்கிய தரவிலும் ஏறக்குறைய அதே பள்ளத்தாக்குதான், மூலைவிட்டமாகத் திரும்பிப் படுத்திருக்கிறது.

இந்தத் திருப்பம் முக்கியம். ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனி அடி நீளம் கொடுக்கும் முறைகள் அச்சுகளின் வழியே ஓடும் பள்ளத்தாக்கை அகலமாக்கும். மூலைவிட்டமாகக் கிடந்தால் இரண்டு அச்சுகளிலும் வளைவு ஒரே அளவாகத் தெரியும், திருத்த ஒன்றும் இருக்காது. நியூட்டன் முறை ஹெஸ்ஸியனின் நேர்மாறால் பெருக்கி, நம் உதாரணத்தை ஒரே படியில் முடித்துவிடும். ஆனால் மாடல் கற்க வேண்டிய எண்களான எடைகள் பத்து லட்சம் இருந்தால் அந்த அணியில் ஒரு லட்சம் கோடி எண்கள்; நான்கு பைட் வீதம் வைத்தால் நான்கு டெராபைட்.

நடைமுறையில் கைகொடுப்பது, போல்யாக் 1964-இல் முன்வைத்த மொமென்டம். முந்தைய படியின் நகர்வில் ஒரு பங்கை அடுத்த படியிலும் சேர்ப்பார்கள். குறி மாறும் x நகர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, ஒரே பக்கம் போகும் y நகர்வுகள் குவியும். லேர்னிங் ரேட், அந்தப் பங்கு ஆகிய இரண்டையும் சரியாகத் தேர்ந்தால் கண்டிஷன் எண்ணுக்குப் பதில் அதன் வர்க்கமூலம்தான் வேகத்தை முடிவு செய்யும். 346 இருந்த இடத்தில் சில பத்துப் படிகள் போதும்.

எதையும் மாற்றும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். (1, 1)-இல் தொடங்கி η = 0.01 வைத்தால், முதல் படியிலேயே x பூஜ்ஜியம். பிழை 50.5-இலிருந்து 0.49-க்கு விழுந்துவிடுகிறது. வரைபடத்தைப் பார்ப்பவர் வேலை முடிந்தது என்பார். y மட்டும் 0.99-இல் நிற்கிறது! வீட்டு விலை மாடலில் அந்த மெதுவான திசை, பரப்பளவுக்கும் அறைகளுக்குமான எடைகளின் வித்தியாசம். விலையைக் கணிப்பது மட்டும் நோக்கம் என்றால் பாதியில் நிறுத்தினாலும் பெரிய நஷ்டமில்லை. கூடுதல் அறை ஒன்று விலையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அந்த எடையை வைத்துச் சொல்ல நினைத்தால், அது இன்னும் தொடங்கிய இடத்தின் பக்கத்திலேயே இருக்கலாம்.