தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் பெல்லட்: அமெரிக்க விதி என்ன சொல்கிறது?

மெனோபாஸ் வயதில் உடம்பு தகிக்கிறது, தூக்கமில்லை என்று அமெரிக்காவில் கிளினிக்குக்குப் போனால், சில இடங்களில் 'பயோஐடென்டிகல்' பெல்லட் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அரிசி அளவுள்ள ஹார்மோன் துண்டை இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் செருகுவார்கள். மூன்று நான்கு மாதம் கரைந்துகொண்டே இருக்கும்.

பயோஐடென்டிகல் என்றால் நம் உடலில் சுரக்கும் ஹார்மோனின் அதே மூலக்கூறு, அவ்வளவுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற, தோலில் ஒட்டும் எஸ்ட்ராடையால் என்ற எஸ்ட்ரோஜன் பட்டையிலும், புரோஜெஸ்டிரோன் மாத்திரையிலும் இருப்பது அதுதான். ஆகவே 'இயற்கையானது' என்ற விளம்பரத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் யார் தயாரிக்கிறார்கள், யார் சோதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

மெனோபாஸுக்கென்று எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற பெல்லட் இல்லை. காம்பவுண்டிங் ஃபார்மசிகள், அமெரிக்க உணவு, மருந்துச் சட்டத்தின் 503A பிரிவின்கீழ், தனி நோயாளிக்கான மருத்துவர் சீட்டை வைத்து மருந்து கலந்து தரலாம். அதற்கு ஒப்புதல் தேவையில்லை. பலன் தரும், பாதுகாப்பானது என்று முன்கூட்டி நிரூபிக்கவும் வேண்டாம். பக்கவிளைவு வந்தால் எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்கும் கடமையும் அவற்றுக்கு இல்லை. 503B பிரிவில் பதிவு செய்த, மருந்து கலக்கும் பெரிய கூடங்களுக்கு மட்டும் அந்தக் கடமை உண்டு. ஒப்புதல் பெற்ற மருந்தோடு அபாயங்களைச் சொல்லும் தாள் கட்டாயம் வரும். இதில் வராமலே போகலாம். தாள் இல்லாததைப் பார்த்து அபாயமும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்!

52 வயதுப் பெண் ஒருவர், கருப்பை உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். எஸ்ட்ராடையால் பெல்லட் வைத்து, கூடவே புரோஜெஸ்டிரோன் க்ரீம் தருகிறார்கள். ஒரு மாதத்தில் இரத்தப்போக்கு தொடங்குகிறது. பட்டையாக இருந்தால் உரித்துவிடலாம், சின்ன அளவுக்கு மாறலாம். பெல்லட்டை எளிதில் எடுக்க முடியாது, கரையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தோல்வழி க்ரீம் கருப்பையின் உட்சுவரைக் காக்கும் அளவுக்கு உள்ளே போகும் என்று நம்ப முடியாது. காப்பு போதாமல் எஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்தால் உட்சுவர் தடிக்கும், நாளடைவில் புற்றுநோய் அபாயமும் கூடும். ஆகவே இந்த இரத்தப்போக்கைப் 'பழகிப்போகும்' என்று விடாமல், மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகளின் குழு, இப்படிக் கலந்து தரும் பயோஐடென்டிகல் ஹார்மோன்களை ஆராய்ந்து, பாதுகாப்பு, பலன் இரண்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை, பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது.

சரி, கலந்து தரும் மருந்துக்கு இடமே இல்லையா? உண்டு. ஒப்புதல் பெற்ற புரோஜெஸ்டிரோன் மாத்திரை ஒன்றில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கிறது. அந்த ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு தயாரிப்பு பொருந்தாவிட்டால், எண்ணெய் மாற்றிக் கலந்து தரச் சொல்வது நியாயமான காரணம்.

கிளினிக்கில் மருந்தின் பெயரைக் கேட்டு, அது ஒப்புதல் பெற்றதா என்று எஃப்.டி.ஏ.வின் Drugs@FDA பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பெல்லட் வைத்துத் தொந்தரவு வந்திருந்தால் எஃப்.டி.ஏ.வின் MedWatch பக்கத்தில் நீங்களே புகார் பதியலாம். மருத்துவர் கையெழுத்து தேவையில்லை.