முதல் சைபர் பாதுகாப்பு வேலை: நேர்காணலில் நாங்கள் எதைப் பார்க்கிறோம்?

சைபர் பாதுகாப்பில் முதல் வேலை தேடுபவர்களில் பலர், அனுமதியோடு அமைப்புகளைத் தாக்கிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டறியும் ஊடுருவல் சோதனையாளர் பணிக்கே குறிவைக்கிறார்கள். அனுபவமில்லாதவர்களை அதில் அபூர்வமாகத்தான் எடுப்போம். புதியவர்களுக்கு வாய்ப்புள்ள இடம் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் முதல்நிலை ஆய்வாளர் பணி. வந்து குவியும் எச்சரிக்கைகளில் எது வெற்று எச்சரிக்கை, எதை மேல்நிலைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிப்பதே அந்த வேலை.

இந்தப் பணிக்கு ஆள் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செக்யூரிட்டி பிளஸ் போன்ற ஒரு அடிப்படைச் சான்றிதழ் போதும். மனிதவளத் துறையின் முதல் சல்லடையைத் தாண்ட அது உதவும். அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழை முழுமையாகப் பெறப் பொதுவாக ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். முதல் வேலைக்காக அதில் பணத்தைப் போடாதீர்கள். ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழுக்கு ஏறக்குறைய 24 மணி நேரச் செய்முறைத் தேர்வு. மதிப்புள்ளதுதான், ஆனால் அது தாக்கும் பக்கத்துக்கான பயிற்சி.

நேர்காணலில் முடிவைத் தீர்மானிப்பது ஆய்வகப் பயிற்சி. பயிற்சித் தளங்களில் முடித்த பாடங்களின் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குறிப்புகளைப் பின்பற்றியே அவற்றை முடித்துவிடலாம். ஒரே ஒரு சம்பவத்தை ஆழமாக ஆராய்ந்தவரிடம் பேசத்தான் விரும்புகிறேன்.

உதாரணமாக, உங்கள் கணினியிலேயே, வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத இரண்டு மெய்நிகர் கணினிகளை அமையுங்கள். ஒன்றில் வின்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். லினக்ஸிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே தவறான கடவுச்சொற்களைக் கொடுத்துவிட்டு, கடைசியில் சரியானதைக் கொடுங்கள். தோல்விகளும் பதிவாகும்படி தணிக்கை அமைப்பு இயங்கினால், வின்டோஸின் பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண்ணோடு தோல்விகள் வரிசையாக வரும். பிறகு 4624 என்ற வெற்றி வரும்.

இங்கேதான் என் கேள்வி: தோல்விப் பதிவில் உள்நுழைவு வகை என்ன? புத்தகத்தை மட்டும் படித்தவர், ரிமோட் டெஸ்க்டாப் உள்நுழைவைக் குறிக்கும் 10 என்பார். செய்து பார்த்தவர் பெரும்பாலும், நெட்வொர்க் வழி உள்நுழைவைக் குறிக்கும் 3 என்பார். நெட்வொர்க் நிலை அங்கீகாரம் இயங்கும்போது, திரை திறப்பதற்கு முன்பே கடவுச்சொல் சரிபார்க்கப்படுவதுதான் காரணம். அதே பதிவின் துணைநிலைக் குறியீடு 0xC0000064 என்றால் அந்தப் பயனர்பெயரே இல்லை. 0xC000006A என்றால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு. தாக்குபவர் குருட்டாம்போக்கில் முயல்கிறாரா, உண்மையான பெயர்கள் அவர் கையில் உள்ளனவா என்பதை இந்த வேறுபாடு காட்டிக்கொடுக்கும்.

ஆராய்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த நேரத்தில், எந்த முகவரியிலிருந்து, எந்தக் கணக்கு, உள்நுழைந்த பிறகு 4720, அதாவது புதிய கணக்கு உருவாக்கம், பதிவாகியிருக்கிறதா, எதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதுபவர்கள் மிகக் குறைவு, நான் முதலில் தேடுவதும் அதைத்தான். அந்தப் பக்கத்தின் இணைப்பை விண்ணப்பத்தில் சான்றிதழ்களுக்கு மேலே வையுங்கள்.