"அவங்களே பேசட்டும்" என்று காத்திருக்காதீர்கள்

வீட்டில் ஒருவரைச் சாவுக்குக் கொடுத்த நண்பரைப் பற்றி இந்த மாதமும் ஒருவர் வந்து அதையே சொன்னார்: "ஏழு மாசமா மெசேஜுக்குப் பதிலே இல்லீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு நானும் விட்டுட்டேன்." புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மரியாதை என்று நினைத்துத்தான் ஒதுங்குகிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது மரியாதையாகத் தெரிவதில்லை. "பதினாறாம் நாளோடு எல்லாரும் போய்விட்டார்கள்" என்பதுதான் அவர் மனதில் பதிகிறது.

அவர் ஏன் பதில் போடவில்லை? பெரும்பாலும் கோபம் காரணமில்லை. துக்கத்தில் தூக்கம் கெடும், கவனம் நிற்காது, "எப்படி இருக்க?" என்ற இரண்டு சொல்லுக்குக்கூட என்ன எழுதுவது என்று தெரியாது. நாளைக்குப் போடலாம் என்று தள்ளுவார். பத்து நாள் ஆனதும், இவ்வளவு தாமதத்துக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் வந்துவிடும். வட்டி ஏறிய கடன் போல, மூன்றாம் மாதத்தில் உங்கள் பெயரைத் திரையில் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மௌனம் நீள்வது இப்படித்தான். அதை உங்கள் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்வது தவறு. வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது வேறு. அப்போது மதித்து விலகுங்கள்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண். முத்தியால்பேட்டையில் அவருடைய கல்லூரித் தோழி. தோழி அனுப்பியவை: "ஏன்டி பதில் போட மாட்டேங்குற?", "என் மேல கோபமா?", "ஏதாவது வேணும்னா சொல்லு." மூன்றுமே பதில் கேட்பவை. மூன்றாவதுதான் மோசம். தனக்கு என்ன தேவை என்று யோசித்து, அதைக் கேட்கும் வேலையையும் துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே கட்டுகிறது.

மாற்றி எழுதியது இது: "பதில் போட வேண்டாம்டி. இன்னிக்கு பீச் ரோட்ல நடந்தப்ப செந்தில் அண்ணா நினைவு வந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்துட்டு அவர் சாப்பிடாமலே நின்னாரே. அடுத்த வாரம் மறுபடி எழுதுறேன்." கேள்வி இல்லை, இறந்தவரின் பெயர் இருக்கிறது, உண்மையாக நடந்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அழுவாரே என்று பயப்படாதீர்கள். அவர் எப்படியும் அழுதுகொண்டுதான் இருக்கிறார், தனியாக. "நல்ல இடத்துக்குப் போயிட்டார்", "குழந்தைக்காகத் தேறி வா" இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வாய்ஸ் நோட்டும் வேண்டாம், யாரும் திறப்பதில்லை.

வாரம் ஒன்று போதும். சொன்ன வாரத்தில் அனுப்புங்கள். அந்தத் தோழிக்கு ஐந்தாவது செய்திக்குத்தான் ஒரு கைகூப்பு எமோஜி வந்தது. அதைப் பார்த்ததும் போன் அடிக்கத் துடித்தார், வேண்டாம் என்றேன். அடுத்து இப்படி எழுதச் சொன்னேன்: "ஞாயிறு 11 மணிக்கு சாம்பார் சாதம் கொண்டு வர்றேன். பேச முடியலைன்னா வாசல்ல வச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

துக்கம் கேட்கும் நாள் தாண்டிவிட்டதே, சாவுக்கே போகவில்லையே என்று கூசி நிற்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். "அப்ப வர முடியல, தப்புதான்" என்று ஒரே வரி. அதற்கு மேல் விளக்கினால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

நேரில் போனால் இருபது நிமிடம் போதும். கையில் ஒரு வேலையோடு போங்கள். வாரிசுச் சான்றிதழ், பேங்க் நாமினி, கேஸ் இணைப்புப் பெயர் மாற்றம் என்று பாதியில் நின்றுபோன தாள்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். "புதன்கிழமை இ-சேவை மையத்துக்கு நான் கூட வர்றேன், இறப்புச் சான்றிதழ் நகல் மட்டும் எடுத்து வை" என்று சொல்லுங்கள். மஞ்சக்குப்பத்துப் பெண் தோழியிடம் வாய் திறந்து பேசியது தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோதுதான். முகம் பார்த்து உட்காருவதைவிடப் பக்கத்தில் நிற்பது பலருக்கு எளிது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. செய்தியே போய்ச் சேரவில்லை, வீட்டாருக்கும் முகம் காட்டுவதில்லை, சாப்பாடு நின்றுவிட்டது, பொருட்களை எடுத்துக் கொடுக்கிறார், "நானும் போயிடணும்" என்கிறார் என்றால் அன்றே நேரில் போங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் ஏக்கம் முதல் நாள் போலவே இருந்து, அன்றாட வேலை எதுவும் ஓடாமல் இருந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அந்த நிலைக்குச் சிகிச்சை இருக்கிறது.

மற்றபடி, தலை திவசத் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய வாரம்தான் பலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அந்த வாரம் இரண்டு முறை எழுதுங்கள்.